அப்பாவுக்கு அந்தக் கடிதத்தை எழுதுவது எப்படி

வேற சமூகத்துப் பெண்ணைக் கட்ட நினைக்கிறீர்கள், வீடு ஊரில் இருக்கிறது, நீங்கள் மும்பையில் இருக்கிறீர்கள். தயவுசெய்து போனில் சொல்லாதீர்கள். போனில் சொன்னால் அந்த நிமிஷமே அப்பா ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் அம்மா இருப்பார், டிவி ஓடிக்கொண்டிருக்கும், பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அந்த இடத்தில் வாயில் வருவது "அப்ப இந்தப் படி ஏறாத" என்கிற ஒரு வாக்கியம்தான். அதை நாலு பேர் கேட்டுவிட்டால் அப்புறம் அவரே நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. கடிதம் என்றால் அந்தக் கோபத்தைத் தாளிடம் காட்டிவிடலாம். மடித்து வைக்கலாம், ராத்திரி எடுத்து மறுபடி படிக்கலாம், ரெண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம். கடிதத்தால் கிடைக்கும் பெரிய லாபமே இதுதான்: அப்பா தனியாகக் கோபப்படுவதற்கு அவருக்கு நேரம் கிடைக்கிறது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உதாரணத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளப் போகிறேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஒன்பது வருஷமாக மும்பை, இருப்பது சயான் கோலிவாடாவில். பெண் மராத்தி, பௌத்தர், வீடு கல்யாணில். வீட்டில் ஒரு தங்கச்சி, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நான் எழுதிய கடிதம் நாலு தடவை கிழிக்கப்பட்டு ஐந்தாவது தடவை போனது. அதற்குப் பிறகு இதே நிலைமையில் இருந்த மூன்று பேரின் கடிதங்களை உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன். பெயர்களை எங்கேயும் எழுதப் போவதில்லை.

பேனாவை எடுக்கும் முன்

இந்த வழி எல்லா வீட்டுக்கும் பொருந்தாது, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கோபப்படுவார்கள், பேசமாட்டார்கள், அழுவார்கள் என்கிற வீட்டுக்குத்தான் கடிதம். அடிதடி, ஆள் அனுப்புவது, பெண்ணை வீட்டில் பூட்டி வைப்பது என்று உங்கள் பக்கமோ அவர்கள் பக்கமோ நடக்க வாய்ப்பு இருந்தால் கடிதம் எழுதாதீர்கள். எழுதினால் நீங்களே கையில் ஒரு முகவரியைக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். அந்த வீடுகளில் முதலில் வக்கீல், பதிவு, போலீஸ் பாதுகாப்பு, அப்புறம்தான் கடிதம். வயது வந்த இரண்டு பேர் கல்யாணம் செய்துகொள்ள வீட்டாரின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ சட்டப்படி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்பு தரவும் மாநில அரசுகளுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. எது எந்த வகை வீடு என்பது உங்களுக்குத்தான் தெரியும். சொந்தத்தில் இதற்கு முன் யாராவது வெளியே கட்டியிருந்தால் அவருக்கு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள், ஓரளவு தெரிந்துவிடும்.

அடுத்தது, நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டிய விஷயங்கள். அவர்கள் வீட்டுக்குத் தெரியுமா, எந்த முறையில் கல்யாணம், எவ்வளவு நாள் காத்திருக்க முடியும், குறிப்பாக மதம் மாறுகிற பேச்சு இருக்கிறதா இல்லையா. இது எதுவும் முடிவாகாமல் எழுதினால் கடிதத்தில் அது தெரியும். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எழுதிய இடத்தில்தான் மாமாக்கள் விரலை வைப்பார்கள்.

எந்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும்

இது பலருக்குத் தோன்றுவதில்லை. வேறு வேறு மதம் என்றால் பெரும்பாலும் 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ்தான் பதிவு செய்வீர்கள். (இந்துவும் பௌத்தரும் என்றால் இந்துத் திருமணச் சட்டத்திலேயே செய்யலாம். நாங்கள் ரெண்டு வீட்டுச் சடங்கையும் யார் மேலும் திணிக்க வேண்டாம் என்று முதலில் பதிவு என்று முடிவு செய்திருந்தோம்.) சிறப்புத் திருமணச் சட்டத்தில் முதலில் ஒரு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். உங்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும், முப்பது நாள் கழித்துத்தான் கல்யாணம். இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இதுதான்: இரண்டு பேரில் ஒருவரின் நிரந்தர வசிப்பிடம் வேறு மாவட்டம் என்றால் நோட்டீஸின் நகல் அந்த மாவட்டத்துத் திருமண அதிகாரிக்கும் போகும், அங்கேயும் ஒட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

என் நிரந்தர முகவரி ஊர் முகவரி. ஊர்ப்பக்கம் பதிவாளர் அலுவலக வாசலில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பத்திரம் எழுதுகிறவர். அவருக்கு அப்பாவை இருபது வருஷமாகத் தெரியும். மகன் கல்யாணச் செய்தியை அப்பா அவர் வாயால் கேட்டிருந்தால், நான் அதற்குப் பிறகு எவ்வளவு பணிவாக எழுதினாலும் அது குப்பைதான். ஆகவே கடிதம் முதலில், ஊருக்குப் போய் முகத்தைக் காட்டுவது இரண்டாவது, நோட்டீஸ் மூன்றாவது. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் அது செல்லாது, மறுபடி கொடுக்க வேண்டும். அதனாலும் அதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: நோட்டீஸுக்கு ஆட்சேபம் சொல்லலாம்தான், ஆனால் வயது, ஏற்கெனவே துணை உயிரோடு இருப்பது, மனநிலை, விலக்கப்பட்ட உறவுமுறை என்று சட்டம் சொல்லும் சில காரணங்களுக்கு மட்டும்தான். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்பது அதில் இல்லை. இதைக் கடிதத்தில் எழுதாதீர்கள், உங்கள் மனசுக்கு மட்டும்.

மாதம் எது என்றால், நான் ஆடி தொடக்கத்தைச் சொல்லுவேன். ஆடியில் யாரும் வரன் பேச வரமாட்டார்கள். ஆவணி பிறந்ததும் தரகர் வந்துவிடுவார், ஜாதகம் கை மாறும், அப்பா யாருக்காவது வாக்குக் கொடுத்துவிடுவார். ஆடி முழுக்க அவருக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஊரில் அம்மன் கோவில் திருவிழாவான கொடை எந்த வாரம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். கொடை சமயத்தில் வீடு முழுக்க அத்தைமார் இருப்பார்கள்.

தாள், கை, மொழி

கையால் எழுதுங்கள். தட்டச்சு செய்து அனுப்பினால் வாட்ஸ்அப்பில் ஓடுவதற்கு வசதி, வேறு எதுக்கும் இல்லை. கோடு போட்ட தாளில் ரெண்டு தாள், நாலு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். ஆறு பக்கம் எழுதினால் அதில் மூன்று பக்கம் நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொள்வதாக இருக்கும். என் முதல் பிரதி ஒன்பது பக்கம், அதில் ஐந்து பக்கம் ஜாதி ஒழிய வேண்டியதன் அவசியம். அப்பாவுக்கு அது தெரியாமல் இல்லை.

மும்பையிலேயே பிறந்து வளர்ந்த பையன்கள் "எனக்குத் தமிழ் எழுத வராதே" என்பார்கள். தாராவியில் ஒரு தம்பி அப்படித்தான் வந்தான், மராத்தி மீடியத்தில் படித்தவன். இவனுக்கு அப்பா அம்மா ஊரில் இல்லை, ஒரே அறையில்தான் ஐந்து பேரும் இருக்கிறார்கள். ஆனால் ஒரே அறையில் இருக்கிற வீட்டில்தான் தனியாகப் பேச இடமே கிடையாது, அவனுக்கும் கடிதம்தான் வழி. நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லவில்லை. அவனைப் பேச வைத்து, ஒவ்வொரு வரியாக நான் சொல்லச் சொல்ல அவனே எழுதினான். ரெண்டு நாள் ஆனது. ழகரம் ஒன்றுகூடச் சரியில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனான். வேறொருவர் கையெழுத்தில் இருந்தால், "எவன்லே எழுதிக் கொடுத்தான்" என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கும்.

அம்மாவுக்குத் தனியாக ஒன்று, அப்பாவுக்குத் தனியாக ஒன்று என்று எழுதாதீர்கள். அம்மாவுக்கு எழுதியதில் கொஞ்சம் கெஞ்சியிருப்பீர்கள், அப்பாவுக்கு எழுதியதில் கொஞ்சம் விறைப்பாக இருந்திருப்பீர்கள். ரெண்டும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படும்.

கடிதம், வரிசைப்படி

பிள்ளையார் சுழி போடுகிற வீடு என்றால் போடுங்கள். நீங்கள் நம்பாவிட்டாலும், எப்போதும் போட்டுத்தான் எழுதுவீர்கள் என்றால் இன்று மட்டும் விட்டால் அது வேறு அர்த்தத்தில் படிக்கப்படும்.

முதல் பத்தியை நான் இப்படித் தொடங்கியிருந்தேன்:

"அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும், வணக்கம். நான் நல்லா இருக்கேன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல, வேலைக்கு ஒண்ணும் இல்ல, கடன் எதுவும் வாங்கல."

பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் இந்தக் காலத்தில் மகனிடமிருந்து கையால் எழுதிய கடிதம் வந்தால் பெற்றவர்களுக்கு முதலில் வருவது பயம்தான். உடம்பா, வேலை போச்சா, கடனா என்று கண் வரிகளுக்குள் ஓடும். அந்த மூன்றையும் முதலிலேயே துடைத்துவிட்டால் அடுத்த வரியை ஒழுங்காகப் படிப்பார்கள்.

அடுத்த வரியிலேயே விஷயம். சுற்றி வளைத்து மூணாவது பக்கத்தில் சொன்னால், அதுவரை எழுதிய பாசமெல்லாம் ஏமாற்றுவதற்காக எழுதியதாகத் தெரியும்.

"நான் ஒரு பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்க முடிவு பண்ணியிருக்கேன். அவங்க நம்ம ஆளுக இல்ல, தமிழும் இல்ல. இதை வேற யாரும் சொல்லி நீங்க கேக்கக் கூடாதுன்னு நானே எழுதுறேன்."

"விரும்புறேன்" என்றுதான் முதலில் போட்டிருந்தேன், "முடிவு பண்ணியிருக்கேன்" என்று மாற்றினேன். இதில் எல்லோரும் சறுக்குவார்கள். "உங்க சம்மதம் இல்லாம எதுவும் பண்ண மாட்டேன்" என்று எழுதினால் அன்றைக்குச் சுகமாக இருக்கும்; ஆறு மாதம் கழித்து அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு "நீதானே எழுதியிருக்க" என்பார்கள். அது உண்மையாக இருந்தால் எழுதுங்கள். என் விஷயத்தில் அது உண்மையில்லை. அதே சமயம் "சம்மதிக்கலேன்னாலும் பண்ணிக்குவேன்" என்பதும் வேண்டாம், அது சண்டைக்கு இழுப்பது. முடிவு செய்துவிட்டேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, கடைசியில் "நீங்க ரெண்டு பேரும் இருந்து நடத்தி வைக்கணும்னு ஆசைப்படுறேன்" என்று வையுங்கள். ரெண்டும் உண்மைதான்.

மூன்றாவது பத்தி பெண்ணைப் பற்றி. பெயரை முழுசாக எழுதுங்கள், "அந்தப் பெண்", "ஒரு பெண்" என்றெல்லாம் எழுதினால் அவர்கள் வாயிலும் கடைசிவரை "அந்தப் பெண்" என்றே நிற்கும். வயது, என்ன படிப்பு, எங்கே வேலை, அப்பா என்ன செய்தார், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர். ஊரில் வரன் விசாரிக்கும்போது எதையெல்லாம் கேட்பார்களோ அதை அதே வரிசையில் கொடுத்துவிடுங்கள். அழகு, குணம், "தங்கமான பொண்ணு" எதுவும் வேண்டாம், அதை நீங்கள் சொன்னால் எடுபடாது.

அப்புறம் ஜாதி. இதை விட்டுவிட்டு எழுதினால் கடிதம் எழுதியதற்கே அர்த்தமில்லை, அடுத்த நிமிஷம் "என்ன ஆளுக" என்றுதான் கேட்கப் போகிறார்கள். நான் எழுதியிருந்தது: "அவங்க பௌத்தர்கள். சொந்த ஊர் நாக்பூர் பக்கம். 1956-ல அக்டோபர் 14 அன்னைக்கு நாக்பூர்ல அம்பேத்கர் மதம் மாறுனப்ப அவங்க தாத்தாவும் கூட மாறுனவர். அதுக்கு முன்னால அந்த ஊர்ல அவங்களை எங்க வச்சிருந்தாங்கன்னு நீங்களே புரிஞ்சுக்குவீங்க. இதை நான் மறைக்க விரும்பல."

அவளுக்குத் தமிழ் படிக்க வராது. மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்து, சாப்பாடு வரும் வரைக்கும் ஒவ்வொரு வரியாக இந்தியில் சொன்னேன். கடைசி வரி வந்ததும், "மறைக்கிறதுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. உயர்வாக எழுதியிருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிற தொனி அதில் இருந்தது. அந்த வரி இப்படி மாறியது: "அவங்க வீட்டுல இதைப் பெருமையாத்தான் சொல்லுவாங்க, நானும் அப்படியே எழுதுறேன்." அதனால் பெண்ணைப் பற்றிய பத்தியை அவர் காதில் போடாமல் உறையை ஒட்டாதீர்கள். நாளைக்கு அந்தத் தாள் அவர் கைக்கும் வரும்.

நான்காவது பத்தி மன்னிப்பு. எதற்கு மன்னிப்பு என்பதில் தெளிவாக இருங்கள். வெளியே கட்டுவதற்கு மன்னிப்புக் கேட்டால், நீங்களே அது தப்பு என்று ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்ததாகிவிடும். நான் கேட்டது பொய் சொன்னதற்கு: "நாலு வருஷமா சொல்லாம இருந்தேன். போன தையில அம்மா ஜாதகம் கொண்டு வந்தப்ப வேலை அதிகம், அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொன்னேன். அது பொய். அதுக்கு ரெண்டு பேரும் மன்னிக்கணும்." எந்த நாள், எந்தப் பொய் என்று சொல்லிக் கேட்டால்தான் அது மன்னிப்பு. பொதுவாக "எல்லாத்துக்கும் மன்னிச்சிருங்க" என்றால் ஒன்றுக்கும் இல்லை.

ஐந்தாவதுதான் நீளமான பத்தி, இதற்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்குங்கள். அவர்கள் ராத்திரி தூங்காமல் எதையெல்லாம் நினைப்பார்களோ அதை நீங்களே எடுத்து எழுத வேண்டும். "ஊர் என்ன சொல்லும்" என்று பொதுவாக இல்லை. எங்கள் வீட்டில் அது மூன்று விஷயம்.

ஒன்று தங்கச்சி. அண்ணன் வெளியே கட்டினால் தங்கைக்கு வரன் தட்டும் என்பது வெறும் பேச்சு இல்லை, எங்கள் பக்கம் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் "இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு பாக்குறா" என்று எழுதவில்லை. "தங்கச்சிக்கு இதனால சிரமம் வரும்னு எனக்குத் தெரியும். அவ கல்யாணத்துக்காக நாங்க அடுத்த வைகாசி வரைக்கும் காத்திருக்கோம். அவகிட்டயும் கேட்டுத்தான் இதை எழுதுறேன்" என்று எழுதினேன். "எவ்வளவு நாளானாலும் காத்திருப்போம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், எவ்வளவு நாளானாலும் ஆக வைப்பார்கள். ஒரு மாதத்தின் பெயர் இருக்க வேண்டும். அந்த மாதத்துக்குப் பெண்ணும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் கோவில் வரி. நெல்லைப் பக்கம் இல்லாதவர்களுக்கு: கோவில் கொடைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள், கல்யாணம் ஆன ஆண் ஒருத்தன் ஒரு தலைக்கட்டு. வெளியே கட்டினவனிடம் சில ஊர்களில் வரி வாங்கமாட்டார்கள். காசு பெரிய காசு இல்லை, ஆனால் வரி வாங்கவில்லை என்றால் அந்தக் கோவிலில் நீ இல்லை என்று அர்த்தம். அப்பா வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போகிறவர். இதை எழுதாமல் விட்டிருந்தால் அவர் மட்டும் தனியாகச் சுமந்திருப்பார். "என் பேருக்கு வரி வாங்க மாட்டாங்கன்னா அதுக்காக நீங்க யார்ட்டயும் போயி நிக்க வேண்டாம். உங்க தலைக்கட்டுக்கு அதனால ஒண்ணும் வராதுன்னு நினைக்கேன். சாஸ்தா கோவிலுக்கு நான் வழக்கம்போல உங்களோட வருவேன்" என்று எழுதினேன்.

மூன்றாவது அம்மாவுக்கு: மருமகளோடு என்ன பாஷையில் பேசுவது. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. "அவங்க தமிழ் கத்துக்கிட்டு வராங்க, இப்ப 'சாப்டீங்களா', 'நல்லா இருக்கீங்களா' வரைக்கும்தான் வரும்" என்று உள்ளதை எழுதினேன். பதில் இல்லாத இடத்தில் இல்லை என்றே எழுதிவிடலாம். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற மகனைப் பார்த்தால் அம்மாவுக்கு எரிச்சல்தான் வரும்.

கடைசிப் பத்தியில் என்ன கேட்கிறீர்கள் என்று இருக்க வேண்டும். சம்மதத்தைக் கேட்காதீர்கள், அது முதல் கடிதத்தில் கிடைக்காது. நேரத்தைக் கேளுங்கள். "உடனே பதில் வேண்டாம். ஆவணி முதல் வாரம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல வரேன், நாலு நாள் இருப்பேன். அப்ப என்ன திட்டணும்னாலும் திட்டுங்க." டிக்கெட் அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கும், எடுத்துவிட்டு எழுதுங்கள். நாள் குறித்து எழுதிவிட்டு சீட்டு கிடைக்கவில்லை என்று தள்ளிப்போட்டால் பயந்துவிட்டான் என்று ஆகிவிடும்.

அடிக்க வேண்டியவை

எழுதி முடித்து ஒரு நாள் வைத்திருந்து படியுங்கள். சித்தப்பா கையில் இந்தத் தாள் இருப்பதாக நினைத்துக்கொண்டு படியுங்கள், கண்டிப்பாக இருக்கும். அப்பாவைக் குறைவாகக் காட்டுகிற எந்த வரியும் அவர் தம்பி முன்னால் அவருக்கு அவமானம். "நீங்க என்னைப் படிக்க வச்சதே இதுக்குத்தானே" என்று ஒருவர் எழுதியிருந்தார், பாராட்டுவதாக நினைத்து, ஆனால் அப்பாவுக்கு அது விழுகிற அடி. "மாமா மகன் மட்டும் கேரளாப் பெண்ணைக் கட்டலையா" மாதிரி ஒப்பீடுகள் எல்லாவற்றையும் அடியுங்கள், அந்தக் குடும்பத்தோடு ஒரு பகை தொடங்கும். செத்துப்போவேன், சாமியாராகப் போவேன் என்கிற வகையறா இருந்தால் அந்தத் தாளையே கிழித்துவிட்டு வேறு தாள் எடுங்கள்.

போட்டோ வைக்காதீர்கள். என் நண்பர் ஒருவர் வைத்தார். ரெண்டு நாளில் அது அவர் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நிறம், மூக்கு என்று அலசப்பட்டது. அம்மா கேட்டால் அப்போது கொடுக்கலாம். அம்மா கேட்பது ஒரு நல்ல அறிகுறியும்கூட.

அனுப்புவது

ஸ்பீட் போஸ்ட். எண்ணைப் போட்டுப் பார்த்தால் எந்த நாள் கையில் கொடுத்தார்கள் என்று தெரியும், அதற்காக மட்டும்தான். சாதாரணத் தபாலில் போட்டால் கிடைத்ததா இல்லையா என்று உங்களுக்கே பைத்தியம் பிடிக்கும். உறையில் அப்பா பெயரை நீங்கள் எப்போதும் எழுதுகிற மாதிரி எழுதுங்கள். அலுவலகக் கவரில் போட்டு அனுப்பாதீர்கள், வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்து வாசலிலேயே கிழிப்பார்கள், தபால்காரர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

கூடப்பிறந்தவர்களுக்கு எப்போது சொல்வது என்பதில் நான் ஒரு தப்பு செய்தேன். வைகாசி விஷயத்துக்காகத் தங்கச்சியிடம் முன்பே பேச வேண்டியிருந்தது, சரி. ஆனால் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். கடிதம் வந்த அன்று "உனக்கும் தெரியுமா?" என்று அம்மா கேட்டதும் அவள் முகத்திலேயே தெரிந்துவிட்டது. எனக்கு விழ வேண்டிய திட்டு பாதி அவளுக்கு விழுந்தது. அண்ணனுக்கு ஒருத்தர் இருக்கிறார் என்பது வரை தெரிந்தால் போதும், கடிதம் வருகிறது என்று முந்தின நாள் சாயங்காலம் சொல்லுங்கள், அதுவும் அப்பாவுக்கு பிபி மாத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்காக.

அதுக்கப்புறம்

ஒன்றும் வராது. போன் வராது, நீங்கள் போட்டாலும் எடுக்கமாட்டார்கள். இந்தச் சமயத்தில்தான் பையன்கள் கெடுத்துக்கொள்கிறார்கள்: மூணாவது நாள் மெசேஜ், நாலாவது நாள் "லெட்டர் கிடைச்சுதா", ஐந்தாவது நாள் மாமாவை விட்டுக் கேட்கச் சொல்வது. மாமாவை விட்டுக் கேட்டால் நீங்கள் கடிதம் எழுதிக் காப்பாற்றிக் கொடுத்த அந்தத் தனிமை போயிற்று. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை பேசுவீர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு தடவை போடுங்கள், எடுக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பணம் அனுப்புகிற தேதி வந்தால் எப்போதும் அனுப்புகிற தொகையை அனுப்புங்கள், ஒரு ரூபாய் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

எனக்குப் பதினோரு நாள். எட்டாவது நாள் அம்மா கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு அழுதார், கடிதத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பதினோராவது நாள் ராத்திரி, குர்லாவில் ரயில் மாறிக்கொண்டிருக்கும்போது அப்பா கூப்பிட்டார். இரைச்சலில் பாதி கேட்கவில்லை, ஒரு தூண் ஓரமாகப் போய் நின்றேன்.

"வரி விஷயம் எழுதியிருக்கியே, அதை யார்ட்டல கேட்ட?"

யாரிடமும் கேட்கவில்லை, நீங்களும் பெரியப்பாவும் முன்னாடி பேசும்போது காதில் விழுந்ததுதான் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி. யார்ட்டயும் கேக்காண்டாம். நான் பேசிக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார்.